உச்சியில் பந்து நிற்கிறதா?

நேர் மேலே எறிந்த பந்து ஏறி, உச்சியைத் தொட்டுத் திரும்பி இறங்குகிறது. உச்சியில் இருக்கும் அந்தக் கணத்தில் பந்தின் திசைவேகம் என்ன என்று கேட்டால், பிளஸ் ஒன் படிக்கும் மாணவர்கள் பூஜ்ஜியம் என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். அதே கணத்தில் முடுக்கம் என்ன என்று அடுத்ததாகக் கேட்டால் பலர் தடுமாறுவார்கள். பந்துதான் நின்றுவிட்டதே, முடுக்கமும் பூஜ்ஜியமாகத்தானே இருக்க வேண்டும் என்று தோன்றும். அப்படித் தோன்றுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரிய தலைகளுக்கே அப்படித் தோன்றியிருக்கிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். ஆனால் அந்த விடை தவறு. ஏன் தவறு என்பது விளங்கிவிட்டால், பந்து எவ்வளவு உயரம் போகும் என்பதை வகைக்கெழுவை வைத்துக் கண்டுபிடிக்கும் முறையும் சூத்திரமாக இல்லாமல் அர்த்தத்தோடு பிடிபடும்.

ஒரு குறிப்பிட்ட எறிதலை எடுத்துக்கொள்வோம். மைதானத்தில் நிற்கும் ஒருவர் கிரிக்கெட் பந்தை நேர் மேலே வீசுகிறார். கையைவிட்டுப் பந்து கிளம்பும் இடம் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரம். கிளம்பும் வேகம் நொடிக்கு 14.7 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 53 கிலோமீட்டர். சாதாரணமாகப் பந்து எறியத் தெரிந்தவருக்கு இது கடினமான வேகமல்ல. புவியீர்ப்பால் வரும் முடுக்கத்தைப் பாடப்புத்தகங்களில் உள்ளபடி 9.8 என்றே வைத்துக்கொள்வோம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நம் ஊர்களில் அது 9.78-ஐ ஒட்டியும் துருவங்களில் 9.83-ஐ ஒட்டியும் இருக்கும். நம் கணக்குக்கு அந்த வேறுபாடு பொருட்டல்ல. காற்றின் தடையையும் இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம்.

மேல்நோக்கிய திசையைக் கூட்டல் குறி என்று முடிவு செய்துகொண்டால், t நொடிகள் கழித்துப் பந்து இருக்கும் உயரம் இது:

s(t) = 1.5 + 14.7t − 4.9t²

இதில் உள்ள மூன்று உறுப்புகளும் மூன்று செய்திகள். 1.5 என்பது பந்து கிளம்பிய இடம். ஈர்ப்பே இல்லாதிருந்தால் நொடிக்கு நொடி பந்து ஏறியிருக்கக்கூடிய உயரம் 14.7t. அந்த உயரத்திலிருந்து ஈர்ப்பு கீழே இழுத்துக் குறைத்த அளவு 4.9t². 9.8-இல் பாதிதான் அந்த 4.9. பழைய கணக்குகளில் உயரம் அடியில் கொடுக்கப்பட்டு 16t² என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். அடி அளவில் ஈர்ப்பு முடுக்கம் 32. அதில் பாதி 16. எண் மாறினாலும் செய்தி ஒன்றுதான்.

அரை நொடிக்கு ஒருமுறை பந்து எங்கே இருக்கிறது என்று போட்டுப் பார்ப்போம். கிளம்பும்போது 1.5 மீட்டர். அரை நொடியில் 7.625. ஒரு நொடியில் 11.3. ஒன்றரை நொடியில் 12.525. இரண்டு நொடியில் மறுபடி 11.3. இரண்டரையில் 7.625. மூன்றாவது நொடி முடியும்போது பந்து திரும்பவும் கை உயரமான 1.5 மீட்டருக்கு வந்துவிடுகிறது. ஏறிய வழியிலேயே, அதே கால இடைவெளிகளில், இறங்கியிருக்கிறது.

ஏறும்போது ஒவ்வொரு அரை நொடியிலும் எவ்வளவு ஏறியது என்று கழித்துப் பாருங்கள்: 6.125, பிறகு 3.675, பிறகு 1.225. மூன்றையும் 1.225-ஆல் வகுத்தால் 5, 3, 1 என்று வருகிறது. இறங்கும்போது அதுவே 1, 3, 5. ஓய்விலிருந்து விழும் பொருள் சம கால இடைவெளிகளில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் இருக்கும் என்று கலிலியோ கண்டுபிடித்தார். 1638-இல் லெய்டன் நகரில் அச்சான அவருடைய ‘இரு புதிய அறிவியல்கள்’ என்ற நூலில் அது இருக்கிறது. அவர் காலத்தில் நுண்கணிதம் பிறக்கவில்லை. நியூட்டனும் லைப்னிட்ஸும் அதே நூற்றாண்டின் பிற்பாதியில்தான் அதை உருவாக்கினார்கள். கையில் வகைக்கெழு இல்லாமல், விகிதங்களை மட்டும் வைத்துக்கொண்டு கலிலியோ அவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

இப்போது திசைவேகம். ஒரு நொடி ஆனபோது பந்து எவ்வளவு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது? வேகம் என்றால் தூரத்தை நேரத்தால் வகுப்பது. ஆனால் ஒரே ஒரு கணத்தில் பந்து கடந்த தூரமும் பூஜ்ஜியம், ஆன நேரமும் பூஜ்ஜியம். எதை எதால் வகுப்பது? இதைக் கடக்க, கணத்துக்குப் பதில் ஒரு சின்ன இடைவெளியை எடுத்துக்கொள்கிறோம். ஒரு நொடியில் பந்து 11.3 மீட்டரில் இருந்தது. 1.1 நொடியில் 11.741 மீட்டர். ஏறியது 0.441 மீட்டர், ஆனது 0.1 நொடி, சராசரி வேகம் 4.41. இடைவெளியை இன்னும் சுருக்கி 1.01 நொடி வரை மட்டும் பார்த்தால் சராசரி 4.851. 1.001 வரை பார்த்தால் 4.8951. இடைவெளி சுருங்கச் சுருங்க எண் 4.9-ஐ நெருங்கிக்கொண்டே போகிறது. அந்த 4.9-தான் ஒரு நொடியில் பந்தின் திசைவேகம்.

ஒவ்வொரு கணத்துக்கும் இப்படித் தனித்தனியாகப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இடைவெளியை h என்று வைத்து, s(t + h)-இலிருந்து s(t)-ஐக் கழித்து h-ஆல் வகுத்தால், சராசரி வேகம் 14.7 − 9.8t − 4.9h என்று வரும். h-ஐப் பூஜ்ஜியத்தை நோக்கிச் சுருக்கினால் கடைசி உறுப்பு கரைந்துவிடுகிறது. எஞ்சுவது:

v(t) = 14.7 − 9.8t

இதுதான் s-இன் வகைக்கெழு. உயரம் எந்த வீதத்தில் மாறுகிறது என்பதை எந்தக் கணத்துக்கும் இது சொல்லும். கிளம்பும்போது 14.7. அரை நொடியில் 9.8. ஒரு நொடியில் 4.9. ஒன்றரை நொடியில் 0. இரண்டு நொடியில் −4.9. கழித்தல் குறிக்குப் பொருள், உயரம் குறைகிறது, பந்து கீழே வருகிறது என்பதுதான். மூன்றாம் நொடியின் முடிவில் −14.7, எறிந்த அதே வேகத்தில் பந்து கைக்குத் திரும்பி வருகிறது.

அதிகபட்ச உயரத்தைக் கண்டுபிடிக்கும் வழி இந்தக் குறிகளிலேயே இருக்கிறது. திசைவேகம் கூட்டல் குறியில் இருக்கும்வரை பந்து ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே அது உச்சியாக முடியாது, இன்னும் ஒரு கணம் பொறுத்தால் இதைவிட உயரத்தில் இருக்கும். திசைவேகம் கழித்தல் குறிக்கு வந்துவிட்டால் பந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. அதுவும் உச்சியல்ல, ஒரு கணம் முன்னால் இதைவிட உயரத்தில் இருந்தது. இரண்டும் இல்லாத ஒரே இடம் v = 0. எனவே 14.7 − 9.8t = 0 என்று எழுதுகிறோம். t = 1.5 நொடி. இந்த 1.5-ஐ உயரத்தின் சமன்பாட்டில் இட்டால் 1.5 + 22.05 − 11.025 = 12.525 மீட்டர். கட்டடக் கணக்கில் ஏறக்குறைய நான்கு மாடி.

விடைத்தாள்களில் இந்தக் கட்டத்தில் வரும் பிழைகள் பெரும்பாலும் இரண்டே வகை. கிடைத்த t-ஐ s-இல் இடாமல் v-இல் இட்டு, பூஜ்ஜியம் வருவதைப் பார்த்துக் குழம்புவது ஒன்று. கை உயரமான 1.5 மீட்டரை விட்டுவிட்டு 11.025 என்று முடித்துவிடுவது மற்றொன்று. 11.025 என்பது கையிலிருந்து பந்து ஏறிய அளவு. தரையிலிருந்து உயரம் கேட்டிருந்தால் அது விடையாகாது.

அடுத்து முடுக்கம். திசைவேகம் எந்த வீதத்தில் மாறுகிறது என்பதுதான் முடுக்கம். அதாவது v-இன் வகைக்கெழு, s-இன் இரண்டாம் வகைக்கெழு. 14.7 − 9.8t என்பதை இன்னொருமுறை வகையிட்டால்:

a(t) = −9.8

இதில் t என்ற எழுத்தே இல்லை என்பதைக் கவனியுங்கள். கையைவிட்டுக் கிளம்பிய கணத்தில் −9.8. ஏறும்போது −9.8. இறங்கும்போது −9.8. உச்சியிலும் அதே −9.8. ஈர்ப்பு பந்தை இழுப்பதை உச்சியில் மட்டும் ஏன் நிறுத்தப் போகிறது?

பந்தின் திசைவேகத்தைக் கையிருப்பாக நினைத்துக்கொள்ளலாம். 14.7 ரூபாயோடு ஒருவர் கிளம்புகிறார். நொடிக்கு 9.8 ரூபாய் என்று ஒரே சீராகச் செலவு ஓடுகிறது. ஒன்றரை நொடியில் கையிருப்பு பூஜ்ஜியம். ஆனால் செலவு நிற்கவில்லை. அதே வேகத்தில் ஓடிக் கடனாக ஏறுகிறது. கையிருப்பு தீர்ந்த கணத்தில் செலவும் தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். உச்சியில் முடுக்கமும் பூஜ்ஜியம் என்பவர்கள் சொல்வது அதைத்தான். அப்படி உண்மையிலேயே இரண்டும் பூஜ்ஜியமாகி, முடுக்கம் பூஜ்ஜியமாகவே நீடித்தால், பந்து 12.525 மீட்டர் உயரத்தில் அப்படியே தங்கிவிடும். திசைவேகத்தை மாற்ற எதுவும் இல்லாதபோது பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகவே இருக்கும். பந்து கீழே வருகிறது என்பதே உச்சியில் முடுக்கம் இருந்ததற்குச் சாட்சி.

இரண்டாம் வகைக்கெழுவின் கழித்தல் குறிக்கு வேறொரு வேலையும் உண்டு. v = 0 என்ற இடம் உச்சியாக இருக்கலாம், பள்ளத்தின் அடியாகவும் இருக்கலாம். இரண்டிலும் வளைகோடு ஒரு கணம் கிடைமட்டமாகத்தான் இருக்கும். இரண்டாம் வகைக்கெழு கழித்தல் குறியில் இருந்தால் வளைகோடு கீழ்நோக்கி வளைகிறது. ஆகவே அது உச்சி. முடுக்கம் −9.8 என்று தெரிந்த உடனேயே, நாம் கண்டுபிடித்தது பெருமம்தான், சிறுமமல்ல என்பது உறுதியாகிவிடுகிறது.

பெரிய தலைகள் என்று சொன்னேனே, அந்தக் கதை இது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ், எறிந்தவரின் கை பொருளுக்குள் ஒரு விசையை ஏற்றி அனுப்புகிறது என்று கருதினார். அந்த விசை எடையை மிஞ்சி நிற்கும்வரை பொருள் ஏறும். விசை தேயத் தேய ஏற்றம் மந்தப்படும். விசையும் எடையும் சமமாகும் இடத்தில் பொருள் நின்று திரும்பும். பீசா நகரில் இளைஞராக இருந்த கலிலியோவும், 1590-ஐ ஒட்டி எழுதி அச்சிடாமல் வைத்திருந்த கட்டுரைகளில் இதே போன்ற விளக்கத்தைத்தான் கொடுத்தார். உச்சியில் விசைகள் சமம் என்றால் முடுக்கம் பூஜ்ஜியம் என்றுதான் ஆகும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிளெமென்ட் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், பொறியியல் மாணவர்களிடம் மேலே சுண்டிய நாணயம் ஏறும்போது அதன் மீது செயல்படும் விசைகளை வரையச் சொன்னார். பெரும்பாலோர் மேல்நோக்கி ஒரு விசையை வரைந்தார்கள், கையின் விசை நாணயத்தோடு கூடவே போவதைப் போல. உண்மையில் கையைவிட்ட கணத்திலேயே கையின் வேலை முடிந்தது. மேலே போவதற்குப் பந்துக்கு விசை தேவையில்லை, ஏற்கெனவே பெற்ற திசைவேகம் போதும். அதன் மீது செயல்படும் விசை கீழ்நோக்கிய ஈர்ப்பு மட்டுமே.

ஆனால் கண்ணுக்கு அது நிற்பதைப் போலத் தெரிகிறதே என்றால், அதற்கும் கணக்கில் விடை உண்டு. மேலே போட்ட எண்களைத் திரும்பப் பாருங்கள். பந்து 11.3 மீட்டருக்கு மேல் இருந்தது ஒரு நொடியிலிருந்து இரண்டு நொடி வரை. பயணத்தின் மூன்று நொடிகளில் முழுதாக ஒரு நொடி! ஆனால் அந்த உயரம் ஏற்றத்தின் கடைசி ஒன்பதில் ஒரு பங்குதான். உச்சிக்குக் கீழே 10 சென்டிமீட்டருக்குள் மட்டும் பந்து ஏறக்குறைய 0.29 நொடி கழிக்கிறது. கையைவிட்டுக் கிளம்பிய முதல் 10 சென்டிமீட்டரைக் கடக்க ஆனது 0.007 நொடிக்கும் குறைவு. உச்சியை ஒட்டி வேகம் குறைவு என்பதால் பந்து அங்கே நேரம் செலவிடுகிறது. உயரக் கேட்சுக்குக் காத்திருக்கும் ஃபீல்டர் பந்து காற்றில் தொங்குவதாக உணர்வது இதனால்தான். தொங்குவது உண்மையல்ல, பூஜ்ஜிய வேகத்தில் பந்து கழிக்கும் காலத்துக்கு நீளமே கிடையாது.

வகைக்கெழுவைப் பூஜ்ஜியமாக்கினால் எப்போதும் அதிகபட்ச உயரம் கிடைத்துவிடும் என்று நம்பிவிடவும் கூடாது. இதே பந்தை 8 மீட்டர் உயரக் கூரை உள்ள உள்ளரங்கில் எறிந்தால், v = 0 ஆகும் முன்பே பந்து கூரையில் இடிக்கும். அங்கே அதிகபட்ச உயரம் 8 மீட்டர். அந்த இடத்தில் திசைவேகம் பூஜ்ஜியமல்ல, நொடிக்கு 9 மீட்டருக்கும் மேல். இன்னொரு உதாரணம், மாடியிலிருந்து பந்தைக் கீழ்நோக்கி எறிவது. வகைக்கெழுவைப் பூஜ்ஜியமாக்கினால் t-க்குக் கழித்தல் எண் வரும். எறிவதற்கு முந்தைய நேரம் அது. கதையிலேயே இல்லாத நேரம். அப்போது அதிகபட்ச உயரம் எறிந்த இடம்தான். சமன்பாடு எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை செல்லும் என்று முதலில் வரையறுத்து, அந்த இரண்டு முனைகளையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் உச்சி எது என்று சொல்ல முடியும்.

ஒதுக்கி வைத்த காற்றை இப்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கிரிக்கெட் பந்தின் எடை ஏறக்குறைய 160 கிராம். நாம் எறிந்த வேகத்தில் காற்றின் தடை அதன் எடையில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு வருகிறது. ஏறும்போது காற்றும் ஈர்ப்பும் ஒரே திசையில், கீழ்நோக்கி இழுக்கின்றன; கிளம்பும் கணத்தில் முடுக்கம் −9.8 அல்ல, −11.3-ஐ ஒட்டி இருக்கும். இறங்கும்போது காற்று மேல்நோக்கித் தடுக்கிறது. முடுக்கத்தின் அளவு 9.8-ஐ விடக் குறைந்துவிடுகிறது. மொத்தத்தில் பந்து நம் கணக்கைவிட முக்கால் மீட்டர் குறைவாகத்தான் ஏறும். கைக்குத் திரும்பும்போது வேகம் 14.7 அல்ல, 13.7-ஐ ஒட்டி இருக்கும். ஏறும் நேரத்தைவிட இறங்கும் நேரம் சற்றுக் கூடுதலாகும். ஆனால் உச்சியில் பந்துக்கு வேகமில்லை. வேகமில்லாதபோது காற்றின் தடையும் இல்லை. பயணம் முழுவதிலும் முடுக்கம் துல்லியமாக −9.8 ஆக இருக்கும் ஒரே இடம் அந்த உச்சிதான்.

இதைக் கைபேசியில் வீடியோ எடுத்துச் சோதிக்க விரும்பும் ஆசிரியர்கள் ஒரு பொறியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சாதாரண வீடியோவில் நொடிக்கு 30 படங்கள். பக்கத்துப் படங்களின் உயரங்களைக் கழித்து 30-ஆல் பெருக்கினால் திசைவேகம் வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு உயரத்தையும் வாசிப்பதில் ஒரு சென்டிமீட்டர் பிழை இருந்தால்கூடத் திசைவேகத்தில் 0.6 மீட்டர் வரை பிழை வரலாம். அதையே இன்னொருமுறை கழித்து முடுக்கம் பார்த்தால் பிழை 36 வரை போகலாம், தேடும் எண்ணே 9.8-ஆக இருக்கும்போது! ஒவ்வொரு முறை வகையிடும்போதும் அளவீட்டின் சின்னச் சின்ன நடுக்கங்கள் பெருகுகின்றன. திரையில் முடுக்கம் மேலும் கீழுமாகக் குதித்தால் பந்தின் மீது சந்தேகப்படாதீர்கள், இடைவெளியின் மீது சந்தேகப்படுங்கள்.

எனவே அரை நொடி இடைவெளியில் பாருங்கள். காற்றில்லாத நம் கணக்கில் அடுத்தடுத்த அரை நொடி ஏற்றங்கள் 6.125, 3.675, 1.225, பிறகு −1.225, −3.675, −6.125. ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சரியாக 2.45 குறைவு. அந்த 2.45-ஐ அரையின் வர்க்கமான 0.25-ஆல் வகுத்தால் 9.8. இடைவெளி பெரிதாக இருந்தும் விடை பிசகாததற்குக் காரணம், இது இருபடிச் சமன்பாடு. இரண்டாம் வித்தியாசம் எங்கும் மாறுவதில்லை. ஒரு சென்டிமீட்டர் வாசிப்புப் பிழை இங்கே 2.45-இல் அதிகபட்சம் 4 சென்டிமீட்டரைத்தான் கலைக்கும். உண்மையான பந்தில் ஏற்றத்தின் தொடக்கத்தில் இந்த வித்தியாசம் 2.45-ஐ விட 15 சென்டிமீட்டர் அளவுக்குக் கூடுதலாகவும், இறக்கத்தின் முடிவில் 2.45-ஐ விடக் குறைவாகவும் வரும். அந்த ஏற்றத்தாழ்வு வாசிப்புப் பிழையல்ல, காற்று.